ஞாயிறு வராத காலைச் செய்தி

விமலகுமாரி அக்காவுக்குப் பயம் அப்பா வழிச் சொத்து. அவருடைய அப்பா பாறசாலைப் பக்கத்து மிஷன் சபையில் உபதேசியாராக இருந்தவர். வேதாகமத்தில் எந்த வசனத்தைக் கேட்டாலும் அதிகாரத்தோடு சொல்லுவார் என்பார்கள். அப்படிப்பட்டவருக்குக் கடைசிக் காலத்தில் அறளை பெயர்ந்து ஞாபகம் எல்லாம் போய்விட்டது. ஒரு புதன்கிழமை காலையில் போய்க் கோயில் மணியை அடித்துவிட்டு, ஆராதனைக்கு ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். பெற்ற மகளைப் பார்த்து நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்த பயம் அக்காவை இன்றுவரை விடவில்லை. தனக்கும் அது வரும், வந்துகொண்டே இருக்கிறது, ஒருநாள் பெரிதாக எதையோ மறந்து யாரையோ கொன்றுவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே வாழ்கிறவர்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் சொல்லித்தான். நான் ராபின்சன். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின், எங்கள் சபையின் நோயாளர் உதவிச் சங்கத்து வேனை ஓட்டுகிறேன். வேன் அமரவிளையை விட்டு நகர்ந்ததும், "ராபின்சா, கேஸ் அடைச்சேனா?" என்று ஆரம்பிப்பார். திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தால் கேஸ் அடைத்திருக்கும். வாசல் பூட்டியிருக்கும். மோட்டார் நிறுத்தியிருக்கும். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னாலும் கேட்க மாட்டார். மறக்காதவருக்கு மறதிப் பயம் வந்தால் மருந்து கிடையாது, டீசல் செலவுதான்.

சங்கத்தின் வேலை எளியது. படுக்கையில் கிடக்கிறவர்களுக்குத் தண்ணீர் மெத்தை, சக்கர நாற்காலி, மூச்சுக்குத் திணறுகிறவர்களுக்கு ஆக்சிஜன் மெஷின் எல்லாம் இரவல் கொடுப்போம். மெஷின் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பக்கத்தில் ஒரு சிலிண்டர் நிற்க வேண்டும், அதில் வாயு இருக்க வேண்டும். யார் வீட்டில் எது நிற்கிறது, எதை எப்போது மாற்ற வேண்டும், எந்த நாள் நர்ஸோடு போக வேண்டும் என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பு. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். சம்பளம் இல்லாத இந்த வேலைக்கு அங்கே கொடுத்ததைவிட அதிக உழைப்பைக் கொடுத்தார்.

மருமகள் அனகா வீட்டில் இருந்தே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கிறவள். மகன் மஸ்கட்டில். மாமியாரும் மருமகளுமாக அமரவிளை வீட்டில் இரண்டே பேர். சண்டை போட ஆள் இல்லாததாலோ என்னவோ, இரண்டு பேரும் நல்ல சேர்க்கை. போகவேண்டிய இடங்களை எல்லாம் அக்கா செல்போன் காலண்டரில் போடுவார். செய்யவேண்டிய வேலைகளை வேறொரு ஆப்பில் தேதி போட்டு எழுதுவார். இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்து, பார்த்தது போதவில்லை என்று மறுபடியும் பார்த்து, காலைக் காப்பி ஆறிப் போகும். அதைப் பார்க்கச் சகியாமல்தான் அனகா ஒருநாள், இரண்டையும் சேர்த்துத் தினமும் விடிகாலையில் ஒரே செய்தியாக டெலிகிராமில் வரும்படி செய்து தருகிறேன் என்றாள்.

செய்தும் தந்தாள். அவள் எழுதிவைத்த சின்ன நிரல் தினமும் விடியும்போது தானாக எழும்பும். காலண்டரில் அன்றைய நிகழ்ச்சிகளை எடுக்கும். வேலை ஆப்பில் முடிக்காமல் கிடப்பவற்றை எடுக்கும். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் தூங்கிவிடும். எனக்கும் ஒரு நகல் வேண்டுமா என்று கேட்டாள். பஸ் ஓட்டின காலத்திலேயே கடிகாரத்தோடு பட்ட பாடு போதும், அக்கா சொல்கிற இடத்துக்கு ஓட்டினால் போதும் என்றுவிட்டேன்.

முதல் செய்தி வந்த காலையில் நான் வேனோடு போனபோது அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். செய்தி அவ்வளவு நீளம். அன்றைய மூன்று வேலைகளுக்குக் கீழே, எப்போதோ எழுதி முடித்ததாகக் குறிக்காமல் விட்டவை எல்லாம் வரிசையாகத் தொங்கின. போன வருடம் தையல்காரியிடம் கேட்க நினைத்த போர்வை உறைகூட அதில் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'தேதி கடந்தது' என்று சிவப்புப் புள்ளி.

"காலத்தே எழும்பினதும் நான் செய்யாததை எல்லாம் காட்டி எதுக்கு மக்களே என்னப் பேடிப்பிக்கிய?" என்று அனகாவிடம் கேட்டார். "இதப் பாத்தா எனக்கக் கை விறைக்குது. பெறவு நான் எங்க நோயாளிவளப் பாக்கப் போவ?"

அனகா சிரிக்கவில்லை. அவளுக்கு மாமியாரின் பயம் தெரியும். செய்தி என்றால் திரையை உருட்டாமல் ஒரே பார்வையில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வாசிக்கமாட்டார், வாசிக்காத செய்தி இருந்தும் பயனில்லை என்று அவள் எனக்கே விளக்கினாள். அதனால் குறைத்தாள். மேலே அன்றைய நிகழ்ச்சிகள், நேர வரிசையில். கீழே அன்றைய தேதி போட்ட வேலைகள் மட்டும். தேதி கடந்துபோனவை வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில் தனியாக வரும், அன்று ஆற அமர உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். வேலை ஒன்றும் இல்லாத நாளிலும் செய்தி வரும், 'பாக்கி ஒன்றும் இல்லை' என்று சொல்லும். ஒன்றுமே வராவிட்டால் நிரல் கெட்டுப்போனதா, வேலை இல்லையா என்று தெரியாதல்லவா. இதெல்லாம் நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

கடைசியாக அக்கா ஒன்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை செய்தி வேண்டாம். எங்கள் சபைக்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது. ஞாயிறு என்றால் அம்மிக்கல்லைக்கூடத் தொடாத வீடுகள் இன்னும் உண்டு. சனிக்கிழமையே கறிக்கு அரைத்துவைத்துவிடுவார்கள். உபதேசியார் மகள் கர்த்தருடைய நாளில் போனைத் திறந்து வேலைப் பட்டியல் பார்ப்பாரா? அனகா ஞாயிறை எடுத்துவிட்டாள்.

அதன்பின் அக்கா ஒரு புது ஆளாகவே ஆனார். காலையில் செய்தி வந்த சத்தம் கேட்கும், கண்ணாடியைப் போட்டு வாசிப்பார், போனைப் பையில் வைத்துவிடுவார். கேஸ் அடைத்தேனா என்ற கேள்விகூடக் குறைந்துபோனது. "எனக்க மூளையை நான் இதுக்குள்ள வெச்சிட்டேன்" என்று போனைத் தட்டிக் காட்டுவார். நான், அப்படியானால் சார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். எனக்கு அவர் பயப்படாமல் இருப்பதைப் பார்க்கச் சந்தோஷம்தான், ஆனால் பழக்கம் இல்லாததால் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

ஆனி மாத மழை தொடங்கின வாரம் எனக்கு மார்த்தாண்டத்தில் தங்கச்சி மகள் கல்யாணம். நான் வேனை விட்டுவிட்டுப் போய்விட்டேன். அந்த வியாழக்கிழமை அக்கா ஆட்டோ பிடித்துப் பொழியூருக்கு அல்போன்சம்மாவைப் பார்க்கப் போனார். அல்போன்சம்மா கடல்கரைப் பங்கைச் சேர்ந்த லத்தீன் கத்தோலிக்கர். மீன் சுமந்து நடந்த காலமெல்லாம் நடந்து, அடுப்புப் புகையெல்லாம் குடித்து, நுரையீரல் இரண்டும் கெட்டுப்போய் மெஷினில் கிடந்தார். மகன் செலஸ்டின் கடலுக்குப் போகிறவன். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அன்று அக்கா சிலிண்டரின் மீட்டரைப் பார்த்தபோது முள் சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தது. உடனே நெய்யாற்றின்கரையில் வாயு நிரப்பித் தருகிறவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் பதிமூன்றாம் தேதி சாயங்காலம் சங்கத்து அறையில் இறக்குகிறோம் என்றார்கள். அக்கா அங்கேயே நின்று, 'அல்போன்சம்மா சிலிண்டர் கொண்டு போக வேண்டும்' என்று வேலை ஆப்பில் எழுதி, பதினாலாம் தேதி போட்டார், அன்றைக்கு வண்டி வரும் என்று வீட்டுக்காரர்களிடமும் சொன்னார். பதினாலு என்ன கிழமை என்று பார்க்கவில்லை. தேதி போட்டால் போதும், மற்றதைப் போன் பார்த்துக்கொள்ளும்.

பதினாலு ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குத் திரும்பினேன். ராத்திரி முழுதும் காற்றும் மழையும். ரோட்டில் எங்கு பார்த்தாலும் தென்னை மட்டை. அக்கா குடையோடு வந்து ஏறினார், போனைக் காட்டினார். 'பத்தரைக்குக் கமிட்டிக் கூட்டம். பாக்கி ஒன்றும் இல்லை.' இன்றைக்குச் சும்மா இருக்கலாம் ராபின்சா என்றார். சங்கத்து அறைக்குப் போனோம். கதவுக்குப் பின்னால் சிலிண்டர்கள் நின்றன. நிறைந்ததும் காலியும் எப்போதும் நாலைந்து நிற்கும் இடம் அது. கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிற கோயில்குட்டி சனிக்கிழமை வாங்கி வைத்த புதியதும் அவற்றோடு நின்றது. அக்கா அதைத் தாண்டிப் போய் நாற்காலிகளைத் துடைத்தார்.

கமிட்டிக்காரர்கள் வருவதற்குமுன் போன் அடித்தது. செலஸ்டின். மழைச் சத்தத்தில் அவன் சொன்னது எனக்கே கேட்டது.

"சேச்சி, வண்டி எங்க எத்திச்சு?"

எந்த வண்டி என்று அக்கா கேட்டார்.

"சிலிண்டர் வண்டி. விடியதுக்கு முன்ன கறண்டு போச்சு. பழையதுல வெச்சிருக்கேன். முள்ளு அடியில போயாச்சு சேச்சி. அம்மைக்கு உதடு கறுக்குது."

நான் பல விபத்துகளைப் பார்த்தவன். பஸ்ஸுக்கு அடியில் கிடந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். ஆனால் விமலகுமாரி அக்காவின் முகம் அப்போது மாறின மாதிரி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. கையில் இருந்த துடைப்புத் துணியோடு அப்படியே நின்றார். பிறகு கதவுக்குப் பின்னால் ஓடி, சிலிண்டர்களின் கழுத்தில் கட்டியிருந்த அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'அல்போன்சம்மா' என்று எழுதிய அட்டை கையில் வந்ததும் ஒரு சத்தம் போட்டார். அது அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை.

சிலிண்டரை நானும் கோயில்குட்டியும் தூக்கி வேனில் கிடத்தினோம். ஆம்புலன்ஸுக்கு அக்கா கூப்பிட்டார். பக்கத்து வண்டி வேறொரு நோயாளியோடு திருவனந்தபுரம் போயிருந்தது, அடுத்தது வரும், ஆனால் தாமதமாகும் என்றார்கள். நான் கிளப்பினேன்.

உதியன்குளங்கரை தாண்டித் திரும்பியபின் ரோடு முழுதும் தண்ணீர். வைப்பர் அடித்தும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வேகமாகப் போகப் பயம், மெதுவாகப் போக அதைவிடப் பயம். பக்கத்தில் அக்கா செலஸ்டினோடு பேசிக்கொண்டிருந்தார். படுக்க வைக்காதே, உட்கார வை, முன்னால் தலையணை வைத்து அதில் சாய்த்துக்கொள்ள வை. மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்கிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லு. நீயும் கூடச் சேர்ந்து செய், உன்னைப் பார்த்து அவர் செய்வார். குழாயின் அளவைக் கூட்டாதே, கூட்டினால் உள்ளதும் சீக்கிரம் தீரும். சொன்னது ஒன்றும் தப்பவில்லை. காரோட்டுப் பக்கம் வந்தபோது லைன் அறுந்தது. திருப்பிக் கூப்பிட்டார், போகவில்லை. கரண்ட் இல்லாமல் டவரும் படுத்துவிட்டது போலும்.

அதற்குப்பின் வேனில் மழைச் சத்தம் மட்டும். அக்கா போனில் அந்தக் காலைச் செய்தியைத் திறந்தார், மூடினார், திறந்தார். வேலை ஆப்பைத் திறந்து பார்க்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நான் எழுதினேன் ராபின்சா," என்றார். "அவ கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு எழுதினேன். எனக்கு ஓர்மை உண்டு." கொஞ்சம் கழித்து, "எழுதினேன்னு நினைச்சேனோ? எழுதவே இல்லியோ? இதுல பாக்கி ஒண்ணும் இல்லன்னு கெடக்கு. எங்க அப்பாவும் இப்பிடித்தான். கேற்றைப் பூட்டினேன்னு சத்தியம் செய்வாரு. போய்ப் பாத்தா தொறந்து கெடக்கும்."

அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்று அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. பின்னால் சிலிண்டர் திருப்பத்துக்குத் திருப்பம் உருண்டு தகரத்தில் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அக்கா கண்ணை மூடினார்.

பொழியூரில் வேன் அந்தச் சந்துக்குள் போகாது. முனையிலேயே செலஸ்டின் நனைந்துகொண்டு நின்றான். ஆளை விட்டுவிட்டு எதற்கு வெளியே வந்தாய் என்று அக்கா கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. பதிலுக்குப் பயம். அவன் சிலிண்டரைத் தனியாகத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினான். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கியதை அவன் வள்ளத்துக்கு வலை கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனான்.

அல்போன்சம்மா கட்டிலில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். உதடு நீலம், நகம் நீலம். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. மூச்சு ஒவ்வொன்றும் தொண்டையில் கொளுவி நின்று, வருமா வராதா என்று இருந்தது. பழைய சிலிண்டரின் முள் அடியில் செத்துக் கிடந்தது. நான் ஸ்பேனரால் மீட்டரைக் கழற்றிப் புதியதில் மாட்டப் போனேன். கை வழுக்கியது. வளையம் சரியாக உட்காரவில்லை, திறந்ததும் பக்கவாட்டில் சீறியது. அடைத்து, மறுபடி கழற்றி, வளையத்தைத் துடைத்து வைத்து முறுக்கினேன். முள் மேலே ஏறியது. அக்கா குழாயை அவர் மூக்கில் வைத்து, தானும் உதட்டைக் குவித்து ஊதி ஊதிக் காட்டினார். இரண்டு பெண்களும் எதிரெதிரே இருந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வரவேண்டிய காட்சி. நான் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெகுநேரம் ஒன்றும் மாறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு அல்போன்சம்மாவின் கண் திரும்பி அக்காவின் முகத்தில் நின்றது. ரத்தத்து ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய சின்ன மெஷினில் எண் மெல்ல மெல்ல ஏறியது. நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் தானாகவே தலையாட்டிப் பதில் சொல்கிற நிலைக்கு வந்திருந்தார். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டர் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அக்கா அனகாவைக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னது நான். இவர் தனியாகக் கேட்டால் பாதியில் விழுந்துவிடுவார் என்று பயந்தேன். நான் எழுதினேனா இல்லையா, அதை மட்டும் பார்த்துச் சொல்லு என்றார். அனகா தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள்.

"எழுதியிருக்கு மாமி. தெளிவா எழுதியிருக்கு. பதினாலுன்னு போட்டிருக்கு. உங்களுக்கு மறதி ஒண்ணும் இல்ல."

பிறகு அவள் அழுதுகொண்டே சொன்னது இதுதான். சனிக்கிழமைப் பட்டியலில் தேதி கடந்தவை வரும், அன்று இது தேதி கடக்கவில்லை. ஞாயிறு செய்தியே கிடையாது. திங்களன்று நிரல் திங்கட்கிழமைத் தேதி போட்டவற்றை மட்டும் தேடியது, இது நேற்றைய தேதி. ஆக அது அடுத்த சனிக்கிழமைதான் வெளியே வந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் சரி, சேர்த்துப் பார்க்கத் தனக்குத் தோன்றவில்லை என்றாள். பாக்கி ஒன்றும் இல்லை என்று அந்தச் செய்தி சொன்னதற்கு, இன்றைய தேதியில் பாக்கி இல்லை என்பதுதான் அர்த்தமாம்.

எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் அப்படிச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. பாதி உண்மையைப் பார்த்தவன் முழு உண்மை பார்த்த தைரியத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருப்பான். தைரியம் கொடுக்கிற இந்தச் செய்திக்கு, பயமுறுத்திய அந்த நீளச் செய்தியே மேல். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காட்டாண்டாம்னு சொன்னது நான் ஆக்கும்," என்றார். "பிள்ள என்ன செய்யும்?"

தனக்கு அறளை இல்லை என்று தெரிந்த நாளில் அவர் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் முகத்தில் அது இல்லை. மறதியால் செய்திருந்தால் நோய் என்று சொல்லிக்கொள்ளலாம். இது நல்ல தெளிவோடு, காலையில் நெஞ்சு படபடக்கக் கூடாது என்று கேட்டு வாங்கியது.

அந்த வாரம் முழுதும் அனகா செய்தியை மாற்றி எழுதினாள். இப்போது முதல் வரியிலேயே தேதி கடந்தவை வரும், எத்தனை நாள் கடந்தது என்பதோடு. எல்லாவற்றையும் கொட்டுவதில்லை. ஆக்சிஜன், வலி மருந்து மாதிரி உயிரோடு சேர்ந்த வேலைகளுக்கு அக்கா ஒரு அடையாளம் போடுவார். அவை முடித்ததாகக் குறிக்கும்வரை தினமும் மேலேயே நிற்கும், முந்தின நாளே ஒருதடவை காட்டவும் செய்யும். போர்வை உறை போன்றவை எண்ணிக்கையாக மட்டும் அடியில் கிடக்கும். 'பாக்கி ஒன்றும் இல்லை' என்று வரவேண்டுமானால் நேற்றையதும் இன்றையதும் முழுதாகத் தேடிப்பார்த்த பிறகுதான் வரும். எனக்கும் ஒரு நகல் வருகிறது, வேண்டாம் என்று இந்தமுறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அதைப் பற்றி அனகா கேட்கவே இல்லை, அக்காவும் சொல்லவில்லை.

அல்போன்சம்மா வீட்டுக்குத் திரும்பியபின் வந்த முதல் ஞாயிறு. செய்தி வந்தது. தேதி கடந்தது இல்லை, இன்றையது இல்லை, பாக்கி ஒன்றும் இல்லை. அக்கா எனக்குப் போன் செய்து, ஆராதனைக்கு முன் பொழியூர் போய் வரலாமா என்று கேட்டார். செய்தியில் ஒன்றும் இல்லையே என்றேன். அதனால்தான் என்றார்.

மழை இல்லாத காலை. அவர்களுடைய தேவாலயத்தில் குர்பானைப் பூசை முடிந்து ஜனம் மணலில் கலைந்துகொண்டிருந்தது. அல்போன்சம்மா ஜன்னலோரம் சாய்ந்திருந்தார், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முதலில் சிலிண்டரிடம்தான் போனார். குனிந்து முள்ளைப் பார்த்தார், விரலால் தொட்டும் பார்த்தார். அதன்பின்தான் கட்டில் பக்கம் வந்து, இத்தனை நாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டார். சிலிண்டர் பதினாலாம் தேதி வரும் என்று அன்றே சொல்லியிருந்ததுதானே, வராதபோது ஏன் கூப்பிடவில்லை?

செலஸ்டின் தரையைப் பார்த்தான். கூப்பிடப் போனதாகவும் அம்மாதான் விடவில்லை என்றும் சொன்னான்.

அல்போன்சம்மாவுக்கு ஒரே மூச்சில் பேச முடியாது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஞாயிறாச்சே மக்களே. உங்க ஆளுவ ஞாயிறு வேல செய்ய மாட்டியளே. எனக்கு வேண்டி உங்களுக்குப் பாவம் வரண்டாமின்னு வெச்சேன்." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். "திங்களாழ்ச்ச வர புடிச்சி நிக்கலாம்னு நினைச்சேன்."

விமலகுமாரி அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அல்போன்சம்மா பயந்துபோய், செலஸ்டினிடம் சேச்சிக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தூரத்தில் எங்கள் சபையின் மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. அக்காவும் எழும்பவில்லை.